ஏழு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஏசியையும் ஃபிரிட்ஜையும் என்ன செய்வது?

"திருவான்மியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. ஜூன் நடுவில் மகள் வீட்டுக்கு டொராண்டோ போகிறோம், ஜனவரியில்தான் திரும்புவோம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி ஒன்று, டபுள் டோர் ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால் போதுமா? வந்ததும் அப்படியே போடலாமா?"

இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில். ஓடிக்கொண்டிருக்கும் வரை இந்த இரண்டு மெஷினும் தங்களிடம் சேரும் தண்ணீரைத் தாங்களே கழித்துவிடும். ஏசியில் அது ட்ரெயின் பைப் வழியாக வெளியே போகிறது. ஃபிரிட்ஜில் பின்பக்கத் தட்டில் விழுந்து, கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிறது. அணைத்த நிமிடத்தோடு இந்த இரண்டும் நின்றுவிடும். உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே தங்கும். மூடிய வீடு, கடற்காற்று, நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழை என்றால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஃபிரிட்ஜுக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் ஞாயிறு இரவு என்றால் வெள்ளி இரவுக்குள் உள்ளே இருப்பதையெல்லாம் காலி செய்துவிட்டு, சனி காலையில் அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அணைப்பதுதான் எல்லோரும் செய்வது, ஆனால் அது போதாது. உங்களுடையது ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையாகத்தான் இருக்கும். ஃப்ரீசரில் ஐஸ் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும் காயிலில் பனி படிந்திருக்கும். அது கரைந்து, உள்ளேயே ஒரு சிறு குழாய் வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும் தட்டில் சேரப் பல மணி நேரம் ஆகும். இரண்டு கதவையும் திறந்து வைத்து, கீழே பழைய துணி போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அவசரப்பட்டுக் கத்தியால் சுரண்டுவது, கொதிதண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற எரியக்கூடிய வாயுதான் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜும் போய்விடும், ஆபத்தும் கூட.

பின்பக்கத் தட்டைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். பனியெல்லாம் கரைந்து தட்டில் நிற்கும்போது அதை ஆவியாக்கக் கம்ப்ரஸர் சூடு இருக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நிழலில் தேங்கிய இந்தத் தண்ணீரே போதும். அதைவிட மோசம், அது இடும் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து நனைந்ததும் பொரியும். ஆகவே ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து, தட்டு கழன்று வரும் வகையென்றால் கழற்றி, சோப்புப் போட்டு ஓரங்களைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். கழலாவிட்டால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, அதே ஸ்பாஞ்சால் ஓரத்தைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கதவில் தண்ணீர் டிஸ்பென்சர் இருந்தால் அந்தத் தொட்டியையும் கழற்றிக் காயவையுங்கள்.

உள்பக்கத்தைத் துடைக்க ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போதும். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரின் மடிப்புகளை விரலில் துணி சுற்றித் தனியாகத் துடையுங்கள். கறுப்புப் புள்ளிகள் முதலில் வருவது அங்கேதான். கிளம்பும்போது இரண்டு கதவும் ஓரிரு அங்குலம் திறந்தே இருக்க வேண்டும். சில மாடல்களில் கதவு தானாகவே மூடிக்கொள்ளும், அதனால் ஒரு டவலைச் சுருட்டி இடுக்கில் வைத்து டேப்பால் ஒட்டிவிடுங்கள். கதவை மூடி, உள்ளே நாஃப்தலின் உருண்டை போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசனை பிளாஸ்டிக்கில் ஏறிக்கொண்டு, திரும்பி வந்து வைக்கும் தயிரிலும் இட்லி மாவிலும் வரும். வாசனைக்கு ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரி வையுங்கள்.

இனி ஏசி. கூலிங்கில் ஓடி நின்ற ஏசியின் காயில் நனைந்த துணி மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு தண்ணீர்த் தட்டு, பக்கத்தில் உருளை வடிவ ஃபேன்; இந்த மூன்றும் காய வேண்டும். முதலில் முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை எடுத்து, குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். பிறகு மழை இல்லாத நாளாகப் பார்த்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேன் மோடில் நான்கைந்து மணி நேரம் ஓட விடுங்கள்.

இந்த இடத்தில் நிறையப் பேர் ரிமோட்டில் Dry என்று இருப்பதைப் பார்த்து, காயவைக்கத்தான் அது இருக்கிறது என்று அழுத்திவிடுகிறார்கள். அது அறைக் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுக்கும் மோடு. அதில் கம்ப்ரஸர் ஓடும், காயில் குளிர்ந்து இன்னும் நனையும். நீங்கள் போட வேண்டியது Fan மட்டும். சில மாடல்களில் அணைத்ததும் சில நிமிடம் தானாக உலர்த்தும் வசதி உண்டு. தினசரிப் பயன்பாட்டுக்கு அது சரி, ஏழு மாத ஓய்வுக்குப் போதாது. இப்படிக் காயவைத்த பிறகு, ஜூன் புழுக்கத்தில் கடைசி இரவு கொஞ்ச நேரம் மட்டும் என்று மறுபடி கூலிங் போட்டால் வேலை முதலிலிருந்துதான். கடைசி நாள் மின்விசிறியோடு சமாளித்துக்கொள்ளுங்கள்.

வெளியே ட்ரெயின் பைப் வந்து முடியும் இடத்தைப் பாருங்கள். தண்ணீர் வராத பைப்பின் வாய், கூடு கட்ட இடம் தேடும் குளவிக்கு ரொம்பப் பிடித்த அளவு. ஈர மண்ணைக் கொண்டுவந்து விரற்கடை நீளத்துக்கு அடைத்து, உள்ளே முட்டையிட்டு, பூசி மூடிவிட்டுப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் சிமென்ட் வைத்தது போல இருக்கும். பிறகு ஏசி போட்ட அன்று தண்ணீர் எல்லாம் சுவரில் வழிந்து மெத்தைக்கு வரும். கொசுவலைத் துண்டு ஒன்றைப் பைப் வாயில் சுற்றி, நூலால் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்; இல்லையென்றால் அழுக்கு சேர்ந்து அந்த வலையே அடைப்பாகிவிடும்.

அவுட்டோர் யூனிட்டைப் பிளாஸ்டிக் உறையால் முழுவதும் மூட வேண்டாம். மழையில் நனைவதற்கென்றே செய்த மெஷின் அது. சுற்றி மூடினால் கடற்காற்றின் ஈரமும் உப்பும் உள்ளே தங்கித் துருவை வேகப்படுத்தும், எலிக்கு இருட்டான வீடும் கிடைக்கும். மேல் தளத்திலிருந்து ஏதாவது விழும் என்ற பயம் இருந்தால் தலைக்கு மேல் மட்டும் ஒரு பலகையோ தகடோ கட்டிக்கொள்ளுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைத்துவிட்டுப் போகலாமா என்று சில மெக்கானிக்குகள் கேட்பார்கள். வீடு மாற்றும்போது செய்ய வேண்டிய வேலை அது. கழற்றாத ஏசிக்குத் தேவையே இல்லை. தவறாகச் செய்தால் காற்று உள்ளே போய்க் கம்ப்ரஸரே வெடிக்கும் அபாயமும் அதில் உண்டு.

கடைசியாக மின்சாரம். ரிமோட்டில் அணைத்தால் ஏசியின் போர்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். ஏழு மாதத்தில் எத்தனை இடி, எத்தனை மின்தடை என்று எண்ணிப் பாருங்கள். கட்டிடத்துக்கு வரும் மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், சில வீடுகளில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறும். அந்த நேரத்தில் சுவரோடு இணைப்பில் இருந்தவை எல்லாம் போகும். அதனால் முதலில் ரிமோட்டில் அணைத்து, ஃபேன் நின்று, காற்று வரும் வாய் மூடிய பிறகு ஏசியின் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் அணையுங்கள். ரிமோட்டின் பேட்டரியை எடுத்துவிடுங்கள், கசிந்தால் ரிமோட் வீண். சாவி கொடுத்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மாதம் ஒருமுறை ஏசி போடச் சொல்வது பலர் பழக்கம். நான் வேண்டாம் என்பேன். பத்து நிமிடம் கூலிங்கில் ஓட்டி அணைத்துவிட்டுப் போனால், நீங்கள் காயவைத்துவிட்டுப் போனதை அவர் நனைத்துவிட்டுப் போவார். அவர் வந்து கதவுகள் திறந்திருக்கின்றனவா, எங்காவது தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

சரி, ஜனவரியில் திரும்பிவிட்டீர்கள். குளிர்ச்சியான மாதம், ஏசி மார்ச்சில்தான் தேவைப்படும். ஆனாலும் அந்த வாரமே ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஏதாவது கோளாறு என்றால் ஜனவரியில் மெக்கானிக் கூப்பிட்ட அன்றே வருவார். ஏப்ரலில் அவர் போனையே எடுக்க மாட்டார்.

முதல் வேலை பகல் வெளிச்சத்தில், எம்.சி.பி. இறங்கிய நிலையிலேயே, கண்ணால் பார்ப்பது. அவுட்டோர் யூனிட் சுவரில் ஸ்டாண்டில் இருந்தால் ஜன்னல் வழியாகத் தொங்கி எட்டிப் பார்க்காதீர்கள். போனைக் குச்சியில் மாட்டி வீடியோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். பார்க்க வேண்டியவை: ஃபேன் கூண்டுக்குள் புறாக்கூடு, செம்புக் குழாயின் மேல் சுற்றிய கறுப்பு ஃபோம் கிழிந்திருப்பது, வயரின் மேலுறையில் பல் பட்ட தடம், ஸ்டாண்டில் துரு. உங்கள் பகுதியில் உப்புக் காற்று அதிகம் என்பதால் ஸ்டாண்டை அலட்சியப்படுத்த வேண்டாம். முப்பது கிலோ சுமையை இரண்டு இரும்புக் கை தாங்கிக்கொண்டிருக்கிறது, கீழே ஆள் நடக்கிறார்கள். குழாய் இணையும் பித்தளை நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், கேஸ் கசிந்திருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அவுட்டோர் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். இன்வெர்ட்டர் போர்டில் உள்ள கப்பாசிட்டர்களில் மெயின் அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு 300 வோல்ட் அளவில் மின்சாரம் நிற்கும். உள்ளே பல்லி, எறும்பு போன்றவை போர்டில் சிக்கியிருப்பது சர்வ சாதாரணம். அதைத் துப்புரவு செய்வது மெக்கானிக்கின் வேலை.

உள்ளே வந்து ஃபில்டரை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். காயிலில் சாம்பல் நிறப் படலமோ, ஃபேன் இதழ்களில் கறுப்புப் புள்ளிகளோ இருந்தால் வாட்டர் சர்வீஸ் செய்த பிறகுதான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் காற்றிலேயே அத்தனையும் அறைக்குள் வரும். சுத்தமாக இருந்தால் அரை லிட்டர் தண்ணீரைக் காயில் மேல் மெல்ல விடுங்கள். மின் பாகங்கள் இருக்கும் பக்கத்தில் படாமல், பெரும்பாலும் அது வலது ஓரம். ஓரிரு நிமிடத்தில் வெளியே பைப்பில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அடைப்பு. ஏசியைப் போடாமலேயே அதைத் தெரிந்துகொண்டீர்கள்.

பிளக் வகை இணைப்பு என்றால் பிளக்கை உருவி, முள்ளிலும் சாக்கெட்டின் துளையிலும் பழுப்பு நிறமோ உருகிய தடமோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாக்கெட்டை மாற்றாமல் ஏசி போடக் கூடாது. அடுத்து மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யின் T பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் ஷாக்கிலிருந்து காப்பாற்ற வேண்டிய அது வேலை செய்யவில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியன் வந்து மாற்றும் வரை மற்ற சோதனைகளை நிறுத்தி வையுங்கள்.

எல்லாம் சரி என்றால் எம்.சி.பி.யைப் போடுங்கள், ஆனால் ஏசியை உடனே ஓட்ட வேண்டாம். மாதக்கணக்கில் சும்மா இருக்கும்போது கேஸில் ஒரு பகுதி கம்ப்ரஸர் எண்ணெயில் கரைந்துவிடும். அப்படியே கிளப்பினால் சோடா போல நுரைத்து, எண்ணெய் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. சில மாடல்களில் மெயின் போட்டு வைத்தாலே கம்ப்ரஸர் லேசாகச் சூடேறும் ஏற்பாடு உண்டு, அந்தச் சூட்டில் கேஸ் பிரிந்துவிடும். மேனுவலில் நேரம் சொல்லியிருந்தால் அதன்படி. இல்லையென்றால் காலையில் மெயின் போட்டு மாலையில் ஓட்டுங்கள். சென்னை வெயிலில் இந்தப் பிரச்சினை குளிர் ஊர்களில் போலக் கடுமையாக இருக்காது, ஆனால் காத்திருப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

மாலையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் ஃபேன் மோடில் ஓட்டுங்கள். தூசி, பழைய வாசனை எல்லாம் போகட்டும். எரியும் வாசனை, பிளாஸ்டிக் பொசுங்கும் வாசனை வந்தால் உடனே எம்.சி.பி.யை இறக்குங்கள். இல்லையென்றால் ஜன்னலை மூடி, கூலிங்கில் 18 வைத்துப் போடுங்கள். ஜனவரியில் அறையே 27, 28 தான் இருக்கும் என்பதால் 24 வைத்தால் கம்ப்ரஸர் மெதுவாகத்தான் ஓடும், எதையும் கணிக்க முடியாது. அவுட்டோர் மூன்று நிமிடம் வரை கிளம்பாமல் இருக்கும், அது வடிவமைப்பே. ஓடவில்லை என்று நினைத்து ஆன், ஆஃப் என்று மாற்றி மாற்றித் தட்டாதீர்கள்.

பதினைந்து நிமிடம் கழித்து ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஏசியின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் பிடியுங்கள், பிறகு குளிர்காற்று வரும் வாயில். மேலே 28, கீழே 17 என்றால் வித்தியாசம் 11 டிகிரி, ஏசி நன்றாக இருக்கிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருந்தால் கவலையில்லை. மேலே 28, கீழே 24 என்று நான்கு டிகிரியில் நின்றால் ஏதோ குறை. அப்போது அவுட்டோர் பக்கம் எட்டும் இடத்தில் இருந்தால் இரண்டு செம்புக் குழாய்களையும் கவனியுங்கள். தடித்த குழாய் குளிர்ந்து வியர்த்திருந்தால் கேஸ் இருக்கிறது. காயில் அழுக்கையோ ஃபேன் வேகத்தையோ பார்க்க வேண்டும். மெல்லிய குழாயில் வெள்ளையாகப் பனி பிடித்து, தடித்தது வெறுமனே இருந்தால் கேஸ் குறைவு.

கேஸ் குறைவு என்றால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். சும்மா இருந்ததால் கேஸ் தீர்ந்துபோகாது. அது அடைபட்ட குழாய்க்குள் சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ரொம்ப நாள் போடலையே சார், டாப் அப் பண்ணிடலாம் என்று சொல்பவரிடம், முதலில் கசிவு எங்கே என்று சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வேக்வம் பம்ப் போட்டு, யூனிட்டின் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அதை எடைபோட்டு ஏற்ற வேண்டும். இன்றைய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்32 லேசாக எரியக்கூடியது. அறையில் கசிவு என்று சந்தேகம் இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, அங்கே தீக்குச்சி கிழிக்காமல், சாம்பிராணி காட்டாமல் இருங்கள்.

போட்டதும் டிரிப் ஆனால் எது விழுந்தது என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தால் மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது: ஈரம் ஏறிய இணைப்பு அல்லது எலி கடித்த வயர். எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது அதிக லோடு. ஒரே ஒருமுறை மறுபடி போட்டுப் பார்க்கலாம். இரண்டாவது முறையும் விழுந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். எப்போது விழுந்தது, மெயின் போட்டவுடனா, அவுட்டோர் கிளம்பும்போதா என்பதை மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு இல்லை. முன்னால் இழுத்து, பின்பக்கம் எலி எச்சமோ கடித்த வயரோ இருக்கிறதா, தட்டு காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரப்பரை வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள். கிடந்து விறைத்த ரப்பர் கொஞ்சம் இளகும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், பிடிப்போடு வர வேண்டும். சுவருக்கும் பின்பக்கத்துக்கும் இடையே காற்று போக இடம் விட்டு, காலியாகவே போடுங்கள். ஏதோ காரணத்தால் அணைத்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி போட வேண்டும். நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள், கதவைத் திறக்கும்போது காற்றின் சூடு மாறினாலும் தண்ணீர் ஏமாற்றாது. மறுநாள் காலை அது 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் பால் பாக்கெட் வைக்கலாம். ஃப்ரீசர் மட்டும் குளிர்ந்து கீழே 10, 12 என்று நின்றால், பெரும்பாலும் உள்ளே காற்றைத் தள்ளும் சின்ன ஃபேன் சுற்றவில்லை, அல்லது காற்று வரும் வழியை ஏதோ மறைக்கிறது. மெக்கானிக்கிடம் அதையே சொல்லிக் கூப்பிடுங்கள்.